ஒரே வெயிலுக்கு ஏன் இரண்டு எண்? அசெம்பிளியில் சின்னப் பிள்ளைகளிடம் பேச உதவி வேண்டும்

மூன்றாம்மணி

எல்லோருக்கும் வணக்கம். நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. போன வாரம் என் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "மிஸ், தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு சொன்னீங்க. நேத்து வெயில் 104 டிகிரின்னு பேப்பர்ல போட்டிருக்கு. அப்ப மொட்டைமாடித் தொட்டியில இருக்கிற தண்ணி ஏன் கொதிக்கல?" என்று கேட்டான். அதற்குள் பக்கத்தில் இருந்த பெண், "இல்ல மிஸ், 40 டிகிரிதான், எங்க அப்பா போன்ல பாத்தோம்" என்றாள். இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறை.

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. வரும் திங்கள்கிழமை அசெம்பிளியில் பேச எனக்கு நாலு நிமிடம் கிடைத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லோரும் நிற்பார்கள். இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது இது:

"ஒரு மேசையின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்தால் ஓர் எண் வரும், அங்குலத்தில் அளந்தால் வேறு எண் வரும். மேசை மாறவில்லை. அதுபோலத்தான் வெயிலும். செல்சியஸில் 40, ஃபாரன்ஹீட்டில் 104. நேற்றைவிட இன்று 5 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது, அதாவது 41 டிகிரி ஃபாரன்ஹீட் கூடியிருக்கிறது."

இது போதுமா? எங்கேயாவது தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கணக்குப்புலி

நல்லா இருக்கு டீச்சர். மேசை உதாரணம் போதும், அதற்கு மேல் எதையும் சேர்க்க வேண்டாம். கடைசியில் ஒரு சுருக்கு வழி மட்டும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்: செல்சியஸ் எண்ணை இரண்டால் பெருக்கி 30 கூட்டினால் ஃபாரன்ஹீட். 10 என்றால் 50. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் செய்து காட்டுவார்கள்.

தூறல்

எனக்கு வேறு மாதிரி புரிந்தது. இரண்டு எண் என்றால், போனில் பெரிதாக 36 என்றும் அதற்குக் கீழே "உணரப்படுவது 43" என்றும் போடுவார்களே, அதுதானே? அதற்குக் காரணம் காற்றில் உள்ள ஈரம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை சீக்கிரம் உலராது, உடம்பு குளிராது, அதனால் 36-லேயே 43 மாதிரி புழுங்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். விளையாடி முடித்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே நின்றால் ஏன் சுகமாக இருக்கிறது என்பதில் தொடங்கலாம்.

பாதரசம்

தெர்மாமீட்டர்களைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தூறல் சொல்வது உண்மைதான், ஆனால் அது வேறு கேள்வி. டீச்சரின் பிள்ளைகள் பார்த்த 40-ம் 104-ம் காற்றின் ஒரே சூட்டைத்தான் சொல்கின்றன, அளவுகோல் மட்டும் வேறு. 36-ம் 43-ம் அப்படி இல்லை. அளவுகோல் ஒன்றே, சொல்லப்படும் விஷயம் இரண்டு: ஒன்று காற்றின் சூடு, மற்றது அந்தக் காற்றில் நம் உடம்பு படும் பாடு. பிரித்தறிவது சுலபம். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஒன்றில் °C, மற்றதில் °F என்றால் அது டீச்சரின் கேள்வி. இரண்டிலும் °C என்றால் அது தூறலின் கேள்வி. இரண்டையும் நாலு நிமிடத்தில் கலந்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

அடுத்து, டீச்சர், உங்கள் கடைசி வரி தப்பு. 5 டிகிரி செல்சியஸ் என்பது 41 டிகிரி ஃபாரன்ஹீட் என்று கணக்கு போட்டிருக்கிறீர்கள். அது "வெயில் எவ்வளவு" என்ற கேள்விக்குச் சரி. "எவ்வளவு கூடியது" என்றால் 9 டிகிரிதான். நேற்று 35, இன்று 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் அது 95-லிருந்து 104. கழித்துப் பாருங்கள், 9 வரும். மாற்றும்போது கூட்டுகிற 32, கழிக்கும்போது தானாக அடிபட்டுப் போகிறது. பெரியவர்கள் எழுதும் செய்திகளிலேயே இந்தத் தவறு வருவதைப் பார்த்திருக்கிறேன். "வெப்பம் 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது" என்பதை 35.6 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்ந்தது என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 3.6.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மேசை உதாரணத்தின் குறையும் தெரியும். மேசை இல்லை என்றால் சென்டிமீட்டரிலும் 0, அங்குலத்திலும் 0. இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. வெப்பத்தில் அப்படி இல்லை. பனிக்கட்டி உருகும் இடம் ஒன்றில் 0, மற்றதில் 32. அதாவது படியின் அளவும் வேறு, எண்ணத் தொடங்கும் இடமும் வேறு. மேசை உதாரணம் முதல் பாதியைத்தான் சொல்கிறது. நாளைக்கு ஒரு பிள்ளை "அப்ப பனிக்கட்டி ரெண்டுலயும் 0 தானே?" என்று கேட்டால் அந்த உதாரணம் அங்கேயே நின்றுவிடும்.

நிலா_அம்மா

இதைப் படித்ததும் என் கதைதான் ஞாபகம் வந்தது. இரவு ஒரு மணிக்குப் பாப்பாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்தால் 38.6 என்று காட்டியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் 98.6 என்றால் சரி, 100-க்கு மேல் போனால் காய்ச்சல் என்பதுதான். 38 என்று ஓர் எண்ணை அதில் நான் பார்த்ததே இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றினேன். மறுபடியும் 38.6. கெட்டுப் போய்விட்டது என்று ஓரமாக வைத்துவிட்டு, கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில்தான் தெரிந்தது, அதில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் °C, °F மாறுமாம். நானோ பிள்ளையோ அழுத்தியிருக்க வேண்டும். டீச்சர், அந்த எழுத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

பாதரசம்

அக்கா, அந்த 38.6 என்பது ஏறக்குறைய 101.5 ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கணக்குப்புலியின் வழியையும் இங்கேயே பார்த்துவிடலாம். இரண்டால் பெருக்கி 30 கூட்டுவது 10 டிகிரியில் சரியாக வரும். 20-க்கு 70 வரும், உண்மை 68. 30-க்கு 90 வரும், உண்மை 86. 40-க்கு 110 வரும், உண்மை 104. குளிருக்குப் பொருந்தும், சுடச்சுட விலகிப் போகும். வெயில் நாளைப் பற்றிப் பேசும்போது இது உதவாது. பெரிய பிள்ளைகளுக்கு வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: இரண்டால் பெருக்கு, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழி, பிறகு 32 கூட்டு. 40 என்றால் 80, அதில் 8 போக 72, 32 கூட்ட 104. இது எப்போதும் சரியாக வரும்.

மூன்றாம்மணி

ரொம்ப நன்றி சார். அந்த 41 தப்பை மேடையில் சொல்லியிருந்தால் ஐந்தாம் வகுப்பில் யாராவது வீட்டில் போய்க் கேட்டிருப்பார்கள்.

சொன்னதை வைத்து ஒரு சார்ட் தயார் செய்தோம். நடுவில் சிவப்பு ரிப்பன், இடது பக்கம் செல்சியஸ், வலது பக்கம் ஃபாரன்ஹீட். பெரிய தெர்மாமீட்டர் மாதிரி. ஓவிய ஆசிரியை ரொம்ப அழகாக எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கீழே 0, மேலே ஒரே இடைவெளியில் 10, 20, 30 என்று. ஆனால் ரிப்பனை 40-க்கு ஏற்றினால் வலது பக்கமும் 40 என்றே வருகிறது. இடைவெளியைக் குறைத்து எழுதச் சொன்னேன், அப்போதும் 104 வரவில்லை, 72-தான் வருகிறது. எங்கே தப்பு?

பாதரசம்

இடைவெளியைச் சரியாகத்தான் குறைத்திருக்கிறீர்கள், 72 வந்ததே அதற்குச் சாட்சி. 104-ல் 32 போனால் 72. இன்னும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு 0-களும்தான் தப்பு. வலது பக்கத்து 0 கீழே இறங்க வேண்டும்.

ஒன்றரை மீட்டர் உயரமுள்ள தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் ஒரு நீலக்கோடு போடுங்கள், அதுதான் பனிக்கட்டிக் கோடு. அதன் இடது பக்கம் 0, வலது பக்கம் 32. அங்கிருந்து மேலே 10 செ.மீ.க்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் இடது பக்கம் 5 கூட்டுங்கள், வலது பக்கம் 9 கூட்டுங்கள். இடது பக்கம் 5, 10, 15, 20 என்று போகும். வலது பக்கம் 41, 50, 59, 68 என்று போகும். எட்டாவது கோட்டுக்கு வந்தால் இடது பக்கம் எட்டு ஐந்து 40. வலது பக்கம் எட்டு ஒன்பது 72, ஏற்கெனவே இருந்த 32-ஐச் சேர்த்தால் 104. நீங்கள் தேடியது அதுதான்.

வலது பக்கத்து 0 எங்கே வரும் என்று கேட்டால், நீலக்கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 36 செ.மீ.யில், தாளின் அடி விளிம்பை ஒட்டி. அதையும் குறித்துவிடுங்கள். அது கண்ணில் பட்டால்தான் "இவர் கீழேயிருந்தே எண்ணிக்கொண்டு வருகிறார்" என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

எழுதி முடித்ததும் ஒன்றே ஒன்றைச் சரிபாருங்கள்: இடது பக்கத்து 10-க்கு நேர் எதிரே 50 நிற்கிறதா? நின்றால் சார்ட் சரி.

தூறல்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 59, 77 எல்லாம் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஐந்து ஜோடி போதாதா? 0-க்கு 32, 10-க்கு 50, 20-க்கு 68, 30-க்கு 86, 40-க்கு 104. மற்ற இடங்களில் வெறும் கோடு.

பாதரசம்

போதும். எனக்கு எல்லா எண்ணும் வேண்டும் என்று ஆசை, ஆனால் தூரத்தில் நிற்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்றால் ஐந்து ஜோடியைப் பெரிதாக எழுதுவதே நல்லது.

கணக்குப்புலி

சரி, சுருக்கு வழியை விட்டுவிடுகிறேன். தொடங்கும் இடத்தைப் பற்றி நானும் யோசித்திருக்கவில்லை. ஆனால் ஏன் இப்படி இரண்டு வந்தது என்று ஒரு கதையாவது வேண்டாமா? ஃபாரன்ஹீட் என்பவர் தன் உடம்புச் சூட்டை 100 என்று வைத்துக்கொண்டார், அன்றைக்கு அவருக்கு லேசான காய்ச்சல், அதனால்தான் இப்போது 98.6 என்று படித்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பாதரசம்

பிடிக்கும், ஆனால் அது நடந்ததில்லை. ஃபாரன்ஹீட் தன் அளவுகோலைப் பற்றி 1724-ல் எழுதியிருக்கிறார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் கலந்த கலவையின் குளிர் 0. வெறும் பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்தால் 32. ஆரோக்கியமான மனிதரின் வாயிலோ அக்குளிலோ வைத்தால் 96. அவர் வைத்த எண் 100 இல்லை, 96. 32-க்கும் 96-க்கும் நடுவில் 64 படிகள், பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகலாம். கண்ணாடிக் குழாயில் கையால் கோடு கீறுகிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று கீறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிற்பாடு தண்ணீர் கொதிக்கும் இடத்தை 212 என்று நிலைநிறுத்தினார்கள். படிகள் கொஞ்சம் நகர்ந்தன, உடம்பின் எண்ணும் நகர்ந்தது.

98.6 என்ற எண்ணுக்கு வேறு கதை. 19-ஆம் நூற்றாண்டில் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மானிய மருத்துவர் மிகப் பலருக்கு அக்குளில் அளந்து சராசரி 37 செல்சியஸ் என்றார். அந்த 37-ஐ மாற்றினால் 98.6 வருகிறது. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 6-ஐப் பார்த்து ஏதோ மிக நுட்பமாக அளந்தது என்று நினைத்துவிடக் கூடாது. முழு எண்ணை மாற்றியதில் வந்த 6 அது.

கதை வேண்டும் என்றால் செல்சியஸின் கதையைச் சொல்லுங்கள். ஆண்டர்ஸ் செல்சியஸ் சுவீடன் நாட்டு வானியலாளர். 1742-ல் அவர் தண்ணீர் கொதிக்கும் இடத்தை 0 என்றும், உறையும் இடத்தை 100 என்றும் வைத்தார். சூடு ஏற ஏற எண் குறையும்! 1744-ல் அவர் இறந்துபோனார். சில ஆண்டுகளுக்குள் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். எண் என்பது மனிதர்கள் தேர்ந்தெடுத்து ஒட்டியது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

நிலா_அம்மா

தலைகீழ்க் கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆறு வயசுப் பிள்ளைக்கு ஒரே நாளில் மூன்று அளவுகோலா? என் பெண்ணாக இருந்தால் "அப்ப இன்னைக்கு எத்தனை?" என்றுதான் கேட்பாள். அதைக் கதை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

பாதரசம்

எனக்கு இதில் உடன்பாடில்லை அக்கா. ஆனால் பிள்ளைகளைத் தினமும் பார்ப்பவர் டீச்சர், அவர் முடிவுதான்.

மூன்றாம்மணி

கதையை விட்டுவிட்டேன். பேச்சு இதோ:

"பிள்ளைகளே, போன வாரம் ஒருத்தர் கேட்டாங்க, வெயில் 104 டிகிரின்னா தண்ணி ஏன் கொதிக்கலன்னு. ரொம்ப நல்ல கேள்வி. அதுக்கு விடை சொல்ல ரெண்டு பேர் என்கிட்ட வாங்க. நீ இந்தப் பக்கம் நில்லு, இடது பக்கத்து எண்ணை மட்டும் பாரு. நீ அந்தப் பக்கம், வலது பக்கத்து எண்ணை மட்டும் பாரு. பக்கத்துப் பக்கத்தை எட்டிப் பாக்கக் கூடாது.

இப்ப ரிப்பனை ஏத்தப் போறேன். நான் நிறுத்தினதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சத்தமா சொல்லணும்.

(நாற்பது! நூற்றி நாலு!)

யார் சொன்னது தப்பு? ரிப்பனைப் பாருங்க. எத்தனை ரிப்பன் இருக்கு? ஒண்ணுதான். அது நிக்கிற இடம்? ஒண்ணுதான். வெயிலும் ஒண்ணுதான்.

அப்ப எண் ஏன் வேற? இடது பக்கத்துக்காரர் இந்த நீலக்கோட்டுல, பனிக்கட்டி உருகுற இடத்துல நின்னுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சார். பூஜ்ஜியம்னு சொன்னார். வலது பக்கத்துக்காரர் அதுக்கும் ரொம்பக் கீழேயே ஆரம்பிச்சுட்டார். நீலக்கோட்டுக்கு வரும்போதே அவர் 32 எண்ணி முடிச்சாச்சு. அதோட அவர் வைக்கிறது சின்னச் சின்ன அடி. இவர் அஞ்சு அடி வைக்கிற தூரத்துக்கு அவர் ஒன்பது அடி வைக்கிறார். இவருக்குப் பேரு செல்சியஸ். அவருக்குப் பேரு ஃபாரன்ஹீட்.

தண்ணி எங்க கொதிக்கும்? செல்சியஸ் 100-ல. இந்தத் தாள்ல அதுக்கு இடமே இல்ல. இன்னும் ஒரு தாளை மேல ஒட்டணும், அவ்வளவு உயரம். அங்க ஃபாரன்ஹீட் என்ன சொல்வார்? 212. நம்ம வெயில் அவர் கணக்குல 104. இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு. அதனாலதான் தொட்டித் தண்ணி கொதிக்கல.

இனிமே எண்ணைப் பாத்தா, பக்கத்துல இருக்கிற எழுத்தையும் பாருங்க. C இருந்தா இவர் எண்ணினது. F இருந்தா அவர் எண்ணினது."

பாதரசம்

ரிப்பன் நல்ல யோசனை, ஒரே ஒரு எச்சரிக்கை. 40-க்கு ரிப்பன் தாளின் அடியிலிருந்து 120 செ.மீ. உயரம் வரும். சின்னப் பிள்ளைகள் எட்ட மாட்டார்கள், நீங்களே ஏற்றுங்கள். ரிப்பன் முனையைச் சாய்வாக வெட்டாமல் நேராக ஒரு குச்சியில் கட்டினால் இரண்டு பக்கத்துக் கோட்டையும் ஒரே மட்டத்தில் தொடும். சாய்ந்தால் ஒரு பிள்ளை 40 என்றும் மற்றவள் 106 என்றும் படிப்பாள்.

தூறல்

செய்தியில் "வெயில் சதமடித்தது" என்று போடுகிறார்களே, அதற்கும் ஒரு வரி சேர்க்கலாம். அந்தச் சதம் வலது பக்கத்து 100 தான். இடது பக்கம் அது 38-க்குக் கொஞ்சம் குறைவு. உணரப்படும் எண்ணை விட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான், பிள்ளைகள் தினமும் போனில் பார்ப்பது அதைத்தான்.

மூன்றாம்மணி

முடிந்தது. சொல்லவே மனசு நிறைந்து இருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் ஒரே மூச்சில் கத்தியதும் மைதானமே அமைதியாகி, பிறகு எல்லோரும் "ரிப்பன் ஒண்ணுதான் மிஸ்!" என்றார்கள். கேள்வி கேட்ட பையன் முன்வரிசையில் நின்று 212-ஐ விரலால் காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை வந்து, "மிஸ், அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தியா, அப்ப நான் இந்தப் பக்கம் நிக்கவா?" என்று கேட்டது. அதைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு தடவை ரிப்பனைத் தொடச் சொன்னேன். தலையாட்டியது. புரிந்ததா என்று தெரியவில்லை. பெரிய எண் என்றால் பெரிய சூடு என்று மனசில் பதிந்துவிட்டதை எப்படி எடுப்பது?

இன்னொன்று. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சார்ட்டுக்கு முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்: "மேல போகப் போக ரெண்டு எண்ணும் விலகிக்கிட்டே போகுது. அப்ப கீழ போனா எங்கயாவது ஒண்ணா வருமா?"

கணக்குப்புலி

ஐந்தாம் வகுப்பா! அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் டீச்சர்.

பாதரசம்

வரும். நீலக்கோட்டிலிருந்து கீழே எட்டுக் கோடுகள் இறங்கச் சொல்லுங்கள், மேலே ஏறியதைப் போலவே. இடது பக்கம் எட்டு ஐந்து, 0-க்குக் கீழே 40. வலது பக்கம் 32-லிருந்து எட்டு ஒன்பது 72 இறங்கினால், அங்கேயும் 0-க்குக் கீழே 40. விடையை நீங்கள் சொல்ல வேண்டாம், அவளே எண்ணிப் பார்க்கட்டும். நீலக்கோட்டுக்குக் கீழே உங்களிடம் 40 செ.மீ.தான் இருக்கிறது, தேவை 80. அரை மீட்டர் தாளை அடியில் ஒட்டிக் கொடுங்கள்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு டம்ளரில் நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் போட்டு, இரண்டு பக்கமும் எண் உள்ள தெர்மாமீட்டரை வைத்து, சில நிமிடம் கழித்து அதன் கையாலேயே டம்ளரைத் தொடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 0, ஒரு பக்கம் 32, தொட்டால் ஒரே சில்லு. அதுவும் போதாவிட்டால் இங்கே வந்து சொல்லுங்கள்.

மூன்றாம்மணி

தாளை ஒட்டிவிட்டோம் சார். சார்ட் இப்போது தரையைத் தொடுகிறது, கடைசிக் கோட்டைப் பார்க்க அவள் தரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். பனிக்கட்டி டம்ளர் நாளைக்கு.